டெட் ஃபண்ட் வாங்கும் முன் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள்

“டெபாசிட் மாதிரிதான், வட்டி கொஞ்சம் கூட” என்று சொல்லி, நம் பணத்தைக் கடன் பத்திரங்களில் போடும் டெட் மியூச்சுவல் ஃபண்டை யாராவது நீட்டினால், அந்த ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் அதில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்ற எண்ணைப் பாருங்கள். அது 7 என்றால், சந்தையில் வட்டி 1 சதவீதம் ஏறும்போது ஃபண்டின் மதிப்பு ஏறக்குறைய 7 சதவீதம் இறங்கும். புதுப் பத்திரம் கூடுதல் வட்டி தரும்போது, பழைய பத்திரத்தை யாரும் பழைய விலைக்கு வாங்க மாட்டார்கள் அல்லவா? நீங்கள் போட்ட 1 லட்சம் 93,000 ஆகத் தெரியும். பெரும்பாலும் அரசுப் பத்திரங்களையே வைத்திருக்கும் கில்ட் ஃபண்டுக்கும் இது பொருந்தும். ஓராண்டில் தேவைப்படும் பணம் என்றால், இந்த எண் 1-க்குள் இருக்கட்டும்.

அப்புறம், பணம் யாருக்குக் கடனாகப் போயிருக்கிறது என்ற பட்டியல். கடன் தரத்தில் உச்சமான ஏஏஏ என்று போட்டிருந்தாலும் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள். ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் 2018 ஆகஸ்ட் வரை உச்சத் தரத்தில் இருந்தது. செப்டம்பரில் கடனைத் திருப்பித் தர முடியாமல் ‘டி’ தரத்துக்கு விழுந்தது. அதன் பத்திரங்களை வைத்திருந்த ஃபண்டுகளின் மதிப்பு சட்டென்று சரிந்தது. அதனால் ஒரே குழுமத்தின் பெயர் பட்டியலில் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள்.

வங்கி டெபாசிட்டில் வட்டியும் சேர்த்து, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. ஃபண்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது.