ஒரு பாவாடை மடிப்பை வைத்து ஒரு நிமிஷக் கதை: தெருத் தையல் கடைக்கு விளம்பரம் எழுதும் விதம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், எங்கள் தெருமுனையில் ஒரு தையல் கடை உண்டு. புதுத்துணி தைப்பதில்லை, ஆல்டர் வேலை மட்டும்தான். பேன்ட் இடுப்பைப் பிடிப்பார், ஜிப் மாற்றுவார், கிழிசலை இழை எடுத்துத் தைப்பார். கடைக்காரரைத் தெருவே, அண்ணன் என்ற அர்த்தத்தில், 'காக்கா' என்றுதான் கூப்பிடும். மே மாதக் கடைசியில் ஒருநாள், "தம்பி, பள்ளிக்கூடம் தொறக்கப் போகுது. வாட்ஸப்புல போடுற மாதிரி எதாவது எழுதிக் குடுங்க. ஆனா நோட்டீஸ் மாதிரி வேணாம், அத யாரு படிக்கிறா?" என்றார்.

அப்படித்தான் கதையாக எழுத ஆரம்பித்தேன். முதலில் எழுதியது சொதப்பியது, இரண்டாவது நின்றது. இரண்டையும் வைத்தே சொல்கிறேன். கதை விளம்பரம் எழுதிப் பழக்கமில்லாதவர்கள் இந்த வரிசையிலேயே செய்து பார்க்கலாம்.

முதல் வேலை: கடையில் போய் உட்காருவது

பேனாவை எடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என்ன வேலை வருகிறது, அதைக் கையால் எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். 'கைதேர்ந்த தையல்', 'நேர்த்தியான வேலைப்பாடு' என்பதெல்லாம் கடைக்குப் போகாதவர்கள் எழுதும் சொற்கள்.

நான் போன அன்று இரண்டு யூனிஃபார்ம் வந்தன. ஒன்று, சீமைக்கருவேல முள் மாட்டிக் கிழிந்த பையன் டவுசர். முள்ளில் மாட்டினால் துணி நேராகக் கிழியாது, 'ட' எழுத்து மாதிரி மூலை போட்டுக் கிழியும். இன்னொன்று, உயரம் பற்றாமல் போன பெண் குழந்தையின் பாவாடை. மடிப்பைப் பிரித்து இறக்க வேண்டும்.

இரண்டில் எதை எழுதுவது? கிழிசலில் பரபரப்பு அதிகம்தான். ஆனால் அது எப்போதாவது, யாரோ ஒரு பிள்ளைக்கு நடப்பது. உயரம் பற்றாமல் போவது ஜூன் வந்தால் எல்லா வீட்டிலும் நடக்கும். படிக்கிற அம்மா எழுந்து போய்த் தன் வீட்டுப் பாவாடையைத் தூக்கிப் பார்த்தால்தான் விளம்பரம் வேலை செய்தது என்று அர்த்தம். அதனால் பாவாடையை எடுத்துக்கொண்டேன். இரண்டையும் ஒரே கதையில் திணிக்க ஆசை வரும். விடுங்கள், டவுசருக்கு ஜூலையில் வேறு கதை எழுதலாம்.

இரண்டாவது: அந்த வேலையை முழுசாகத் தெரிந்துகொள்வது

காக்கா செய்ததைச் சொல்கிறேன். மடிப்பு உள்பக்கம் இரண்டு இஞ்ச் இருந்தது. பிளேடு முனையால் நாலைந்து தையலுக்கு ஒன்றாக அறுத்து, நூலை இழுத்து உருவினார். மடிப்புக்குள்ளிருந்து மணல் கொட்டியது. கடற்கரைப் பிள்ளைகள் எல்லார் மடிப்பிலும் இருக்குமாம். அரை இஞ்சை மட்டும் திருப்பி மடிக்க வைத்துக்கொண்டு, ஈரத்துணி போட்டு இஸ்திரி ஓட்டினார். பாவாடை ஒன்றரை இஞ்ச் நீண்டது.

பிறகு நூல் தேடினார். டப்பாவில் ஏழெட்டு நீல நூல்கண்டுகள். கண்டைத் துணியோடு வைத்துப் பார்க்கவில்லை. ஒற்றை இழையை உருவி, வாசல் வெளிச்சத்தில் துணிமேல் கிடத்திப் பார்த்தார். கண்டாகச் சுற்றியிருக்கும்போது நூல் அடர்த்தியாகத் தெரியும், ஒற்றை இழையில்தான் உண்மை நிறம். வெளுத்த பாவாடைக்குப் புது நீல நூல் ஓட்டினால் தையல் தனியாகக் கத்தும் என்றார். இந்த இழை விஷயத்தைக் கதையில் வைக்க ரொம்ப ஆசைப்பட்டேன். கடைசியில் இடமில்லாமல் போயிற்று. ஆனால் அதைப் பார்த்திருந்ததால்தான் மற்ற வரிகளைப் பயமில்லாமல் எழுத முடிந்தது.

இதில் சரிசெய்ய முடியாத ஒன்றும் உண்டு. பழைய மடிப்பின் விளிம்பு ஒரு வருஷம் துவைகல்லில் தேய்ந்திருக்கும். பிரித்ததும் அங்கே வெள்ளையாக ஒரு கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே, உள்ளே மறைந்திருந்த துணி வெயில் படாமல் கருநீலமாகவே இருக்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் போகாது. கோட்டின்மேலேயே ஒரு தையல் ஓட்டினால் கண்ணுக்கு உறுத்தாது, அவ்வளவுதான்.

மூன்றாவது: தப்பான கதையை அடையாளம் காண்பது

என் முதல் கதையின் முடிவு இது:

"'காசு வேண்டாம் தாயி, நீ நல்லாப் படிச்சா போதும்' என்றார் தாத்தா. பாவாடை புத்தம் புதுசாக ஜொலித்தது. அம்மாவின் கண்களில் கண்ணீர்."

தெருவில் நாலு பேர் பாராட்டினார்கள். மறுநாள் காலை மூன்று பேர் துணியோடு வந்து, பள்ளிக்கூடத் துணிக்குக் காசு இல்லை என்றுதானே போட்டிருக்கிறது என்று நின்றார்கள். காக்கா எதுவும் சொல்லாமல் மூன்றையும் தைத்துக் கொடுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் தர்மம் பண்றேன்னு எழுதியிருக்கீங்க. தைக்கிறேன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

அன்று மாலை இன்னொரு அக்கா, இறக்கிய பாவாடையைத் திருப்பிக் கொண்டுவந்து கோட்டைக் காட்டினார். 'புத்தம் புதுசு' என்று எழுதியது நான், பேச்சு வாங்கியது காக்கா.

ஆகவே எழுதியதும் இரண்டு கேள்வி கேளுங்கள். கதையில் வரும் நல்ல காரியம் தையலா, தையல்காரரின் மனசா? மனசு என்றால் அது வேறு விளம்பரம். அடுத்தது, இந்தக் கதையைப் படித்துவிட்டு வருகிறவர் துணியைத் திரும்ப வாங்கும்போது கதையில் சொன்னதுதான் கையில் இருக்குமா?

நான்காவது: குறையையே திருப்பமாக்குவது

குட்டிக் கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்தால் ஒட்டாது. தொலைந்த மோதிரம் பாக்கெட்டில் கிடைப்பதும், அந்தப் பிள்ளை கலெக்டராகி வருவதும் நானும் யோசித்தவைதான். கடைசியில் அந்த வெள்ளைக் கோட்டுக்கே திரும்பினேன். மறைக்கவும் முடியவில்லை, பொய் சொல்லவும் முடியவில்லை. அப்படியானால் அதைப் பாத்திரங்களே பேசட்டும். சுவரில் பிள்ளையை நிறுத்திப் பென்சிலால் உயரம் குறிப்போமே, பாவாடையில் அந்தக் கோடும் அதுதான்.

இந்தக் கரைக்கே உரிய இன்னொரு விஷயமும் கையில் இருந்தது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக்கூடமோ பெரும்பாலும் தடை முடிவதற்கு முன்பே திறந்துவிடும். போட்டில் மீன்பிடிக்கப் போகிற வீடுகளில் கையில் காசில்லாத நேரமும் பள்ளி திறக்கிற நேரமும் ஒன்றாக விழுகின்றன. புதுசு எடுக்காமல் ஏன் இறக்குகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். வறுமை, கண்ணீர் என்றெல்லாம் எழுதத் தேவையில்லை. தேதியைச் சொன்னால் இங்கே எல்லாருக்கும் புரியும்.

ஐந்தாவது: எழுதுவது

சத்தமாகப் படித்தால் ஒரு நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். நூறு சொல்லை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் நீண்டால் வாட்ஸப்பில் பாதி மறைந்துவிடும், தட்டிப் பார்க்க எல்லாரும் மெனக்கெட மாட்டார்கள். கதை நேரே பாவாடையில் தொடங்கட்டும். 'அது ஒரு அழகிய கடற்கரை கிராமம்' என்ற வரி எழுதினால் அடித்துவிடுங்கள், படிக்கிறவரும் அங்கேதான் இருக்கிறார். கடைசியில் நின்றது இது:

> பாவாடை முட்டிக்கு மேலே ஏறிவிட்டது.
>
> "போட்டு கடலுக்குப் போகட்டும், புதுசு எடுக்கலாம்" என்றாள் அம்மா. போட்டு போக இன்னும் பதினஞ்சு நாள். பள்ளிக்கூடம் திங்கட்கிழமை.
>
> டைலர் தாத்தா மடிப்பைப் பிரித்தார். உள்ளேயிருந்த மணலைத் தட்டினார். இஸ்திரி போட்டார். பாவாடை ஒன்றரை இஞ்ச் இறங்கியது.
>
> "தாத்தா, கோடு தெரியுது."
>
> "தெரியத்தான் செய்யும். அதுமேலயே ஒரு தையல் ஓட்டுறேன். அது என்ன கோடு தெரியுமா? போன வருஷம் நீ அவ்வளவுதான்."
>
> கோட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே விரல் வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல்.
>
> அம்மா நாற்பது ரூபாயை மிஷின்மேல் வைத்தாள். "அடுத்த வருஷமும் இறக்கலாமா?"
>
> "முடியாதும்மா, இனி அரை இஞ்ச்தான் மிச்சம். புதுசு எடுக்கும்போது உள்மடிப்பு பெருசா இருக்கான்னு பாத்து எடுங்க."

காக்கா இதைப் படித்துவிட்டு இரண்டு திருத்தம் சொன்னார். நான் 'கத்தரியால் பிரித்தார்' என்று எழுதியிருந்தேன். கத்தரி வைத்துப் பிரித்தால் துணியில் ஓட்டை விழும் என்று அடிக்கச் சொன்னார். அடுத்தது, கடைசி வரியைச் சேர்த்தவரே அவர்தான். "வர்றவங்ககிட்ட நான் சொல்றதுதானே, அதையும் போடுங்க." என் கையில் கதை இரண்டு விரலோடு முடிந்திருந்தது. இப்போது ரூபாயும் வந்துவிட்டது, எதைச் செய்ய முடியாது என்பதும் வந்துவிட்டது. தர்மக் கணக்கில் யாரும் வந்து நிற்க வழியில்லை.

ஆறாவது: கதைக்குக் கீழே வருவது

கதைக்குள் கடையைப் புகழாதீர்கள். ஒரு வரி இடம் விட்டு, மூன்று விவரம் மட்டும் கீழே போடுங்கள்: என்ன வேலை, எங்கே, எப்போது. முகவரியைக் கதவு எண்ணோடு எழுதுவதைவிட, ஊரார் சொல்கிற மாதிரி 'டீக்கடைக்கு எதிர்த்தாப்புல' என்று எழுதினால் ஆள் வந்து சேரும். எங்கள் கடையில் ஜூனில் கூட்டம் என்பதால் 'காலையில் கொடுத்தால் மறுநாள் சாயங்காலம்' என்று போட்டோம். 'உடனடி' என்று போட்டிருந்தால் மறுபடியும் பேச்சு அவருக்குத்தான்.

நிஜப் பிள்ளையின் பெயரையோ படத்தையோ போடாதீர்கள். கையில் காசில்லாத வீடு என்று தெருவுக்கே அறிவித்ததாகிவிடும். எங்கள் கதையில் பிள்ளைக்குப் பெயரே இல்லாததை யாரும் கவனிக்கவில்லை. படம் வேண்டுமென்றால் பிரித்த மடிப்பை, கோடு தெரிகிற மாதிரி, கிட்டத்திலிருந்து எடுங்கள். பாம்பன் பாலம் படம் வேண்டாம். இந்தப் பக்கம் பேக்கரி முதல் பல் டாக்டர் வரை எல்லா விளம்பரத்திலும் அந்தப் பாலம் ஏற்கெனவே நிற்கிறது.

போடும் நாள், பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம். நாங்கள் வெள்ளிக்கிழமை இரவு போட்டோம். சனிக்கிழமை காலை முதல் ஆளாக ஒரு சிறுமி, அம்மாவுக்கு முன்னால் ஓடிவந்து, பாவாடையைத் திருப்பி உள்மடிப்பைக் காட்டி, "தாத்தா, எனக்கு எத்தன வெரலு?" என்றாள். காக்கா இஞ்ச் டேப்பை எடுத்தார். மூன்று விரல் இறக்கலாம் என்று சொன்னார்.