லேயில் 25 டிகிரி என்பது எவ்வளவு சூடு? ஐசா கணக்கில் செய்யக் கூடாத பிழைகள்

பைலட் பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது: “லடாக்கின் லே விமான நிலையத்தில் இப்போது 25 டிகிரி. ஐசாவைவிட எவ்வளவு கூடுதல்?” பாதிப் பேர் உடனே “பத்து டிகிரி” என்பார்கள். 25-இல் 15 போனால் 10. கழித்தலில் பிழையில்லை, ஆனால் விடை தப்பு. சரியான விடை ஏறக்குறைய 31.

ஐசா என்று பைலட்டுகள் சுருக்கிச் சொல்வது சர்வதேசத் தர வளிமண்டலத்தை. அது ஒரு மாதிரி, அதாவது தாளில் எழுதிய வானம். கடல் மட்டத்தில் வெப்பம் 15 டிகிரி, அழுத்தம் 1013.25 ஹெக்டோபாஸ்கல். மேலே போகப் போக ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும். 36,000 அடியை ஒட்டி மைனஸ் 56.5 டிகிரி வந்ததும் குறைவது நிற்கும். அதற்கு மேல் 20 கிலோமீட்டர் வரை அதே வெப்பம்தான். காற்றில் ஈரம் துளியும் கிடையாது.

இப்படியொரு வானம் எந்த ஊரிலும் எந்த நாளிலும் அப்படியே அமைவதில்லை. பிறகு எதற்கு ஒப்பிட வேண்டும்? விமானத்தின் கையேட்டு அட்டவணைகளும், காற்றழுத்தத்தை அளந்து உயரம் காட்டும் உயரமானியும் இந்தத் தாள் வானத்தை வைத்தே எழுதப்பட்டவை. இன்றைய காற்று அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று தெரிந்தால்தான் அவை சொல்வதை இன்றைக்குப் பொருத்திப் படிக்க முடியும். கடைக்காரரின் எடைக்கல் மாதிரி. அரிசியின் எடை மாறும், கல் மாறாது.

இனி லேக்கு வருவோம். அந்த ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 10,700 அடி உயரத்தில் இருக்கிறது. 15 டிகிரி என்பது மாதிரியில் கடல் மட்ட வரிசைக்கு மட்டும் உரியது. 10,700 அடி வரிசைக்கு வந்தால், ஆயிரத்துக்கு 2 வீதம் 21.4 டிகிரி கழித்து, மைனஸ் 6.4 டிகிரி. வெளியே 25 டிகிரி என்றால் விலகல் 31.4. பைலட் மொழியில் “ஐசா பிளஸ் 31”. நம் உடம்புக்கு இதமான பிற்பகல். விமானத்துக்கோ கொளுத்தும் வெயில்.

இதை அடர்த்தி உயரமாக மாற்றினால் என்ன ஆகிறதென்று பார்க்கலாம். அடர்த்தி உயரம் என்றால், இப்போது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அடர்த்தி, தாள் வானத்தில் எந்த உயரத்தில் இருக்கும் என்பது. விலகலின் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டுவது வழக்கமான கைக்கணக்கு. அன்று லேயின் அழுத்தம் மாதிரியோடு ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொண்டால், 31 டிகிரிக்கு 3,720 அடி. 10,700-உடன் கூட்டினால் 14,400 அடியைத் தாண்டிவிடும். துல்லியமாகக் கணக்கிட்டால் 14,150 பக்கம் வரும். கைக்கணக்கு சற்று மிகைப்படுத்தும், அதில் கெடுதல் இல்லை. 15-ஐக் கழித்த மாணவருக்கோ 11,900 அடிதான் கிடைத்திருக்கும். ஓடுபாதையில் நிற்கும்போதே 2,000 அடிக்கு மேல் ஏமாந்திருப்பார்.

அந்தக் காற்றின் அடர்த்தி, மாதிரியின் கடல் மட்ட அடர்த்தியில் ஏறக்குறைய 65 சதவீதம். இறக்கை அதே எடையைத் தூக்க வேண்டும் என்றால் மெல்லிய காற்றில் வேகமாக ஓட வேண்டும். வேகமானி காட்டும் எண் மாறாது. 140 நாட் வேகத்தில் எழும்பும் விமானம் அங்கேயும் 140 காட்டும்போதுதான் எழும்பும். ஆனால் அப்போது காற்றினூடே அதன் உண்மையான வேகம் 174 நாட். அந்த வேகத்தை எட்ட வேண்டும் என்பதாலேயே ஓட்டத் தூரம் ஒன்றரை மடங்காகிவிடும். அதே மெல்லிய காற்றை இழுக்கும் எஞ்சினின் உந்துவிசையும் குறைவதால் இன்னும் நீளும். லேக்குப் போகும் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து திரும்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம் (பிற்பகலில் பள்ளத்தாக்கில் அடிக்கும் காற்று இன்னொன்று). 2024 ஜூலை இறுதியில் வெப்பம் அதிகமானதால் அங்கே விமானங்கள் ரத்தானபோது, “இது என்ன பெரிய வெயில்?” என்று சமவெளிக்காரர்கள் வியந்தார்கள். நம் ஊர் வெயிலோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தோன்றும். ஒப்பிட வேண்டியது மைனஸ் 6.4-உடன்.

இங்கேயே இன்னொரு தவறும் நடக்கும், அதுவும் நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்களிடம். பல விமானங்களின் புறப்பாட்டு அட்டவணையில் ஒரு பக்கம் அழுத்த உயரம், அதாவது அன்றைய காற்றழுத்தம் தாள் வானத்தில் எந்த உயரத்தில் இருக்கும் என்பது, மறுபக்கம் வெளி வெப்பம் என்று இருக்கும். இந்த இரண்டையும் கொடுத்தாலே அடர்த்தி அதற்குள் வந்துவிடும். சிலர் சிரமப்பட்டு 14,400 என்ற அடர்த்தி உயரத்தைக் கண்டுபிடித்து, அதை அழுத்த உயரக் கட்டத்தில் வைத்து, மறுபடி 25 டிகிரியையும் சேர்ப்பார்கள். வெப்பம் இரண்டு தடவை கணக்கில் ஏறிவிடும். விமானம் எழும்பவே முடியாது என்று விடை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அட்டவணைத் தலைப்பில் என்ன உயரம் கேட்டிருக்கிறார்கள் என்பதை.

அழுத்தத்தில் வரும் தவறு குறியில். சென்னையை எடுத்துக்கொள்வோம். ஓடுபாதை சுமார் 50 அடி உயரம். கோடை மதியம், 40 டிகிரி. கட்டுப்பாட்டுக் கோபுரம் தரும் கியூ.என்.எச். 1003, அதாவது அன்றைய கடல் மட்ட அழுத்தம். மாதிரியைவிட 10 ஹெக்டோபாஸ்கல் குறைவு. கீழ் உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு 27 அடி வீதம் 270 அடி. இதைக் கூட்டுவதா, கழிப்பதா? அழுத்தம் “குறைவு” என்ற சொல்லே பலரைக் கழிக்கவைத்துவிடும். உயரம் கூடக் கூட அழுத்தம் குறையும். எனவே அழுத்தம் குறைந்த நாளில் ஓடுபாதை, தாள் வானத்தில் மேலே ஏறிப்போனது போலத்தான். கூட்ட வேண்டும்: 320 அடி. சந்தேகம் இருந்தால் விமானத்தில் உட்கார்ந்து உயரமானியின் திருகை 1013-க்குத் திருப்புங்கள். முள் எங்கே நிற்கிறதோ அதுவே அழுத்த உயரம், கணக்கே வேண்டாம். பார்த்துவிட்டுக் கியூ.என்.எச்.சுக்குத் திருப்பிவைக்க மறந்துவிடாதீர்கள்.

அந்த 320 அடிக்கு மாதிரி வெப்பம் 14 டிகிரி சொச்சம், விலகல் 26-ஐ நெருங்கும். 120-ஆல் பெருக்கிக் கூட்டினால் அடர்த்தி உயரம் 3,400 அடி. கடற்கரை ஊரில் நிற்கும் விமானத்துக்குப் பெங்களூரின் உயரத்தில் இருப்பது போல் காற்று. போதாததற்கு ஈரம். நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது, மாதிரியோ முழுக்க உலர்ந்தது. அந்த மதியம் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பம், 26 டிகிரி என்றால், அடர்த்தி உயரம் இன்னும் 400 அடி ஏறும். கைக்கணக்கில் இது வராது.

இதுவரை சொன்னவை எல்லாம் ஓடுபாதையில் நிற்கும்போது. பறக்கும்போது ஆபத்தான தவறு ஒன்று உண்டு: கியூ.என்.எச். வைத்தாகிவிட்டது, இனி உயரமானி சொல்வது சரியான உயரம் என்று நம்புவது. திருகு சரிசெய்வது அழுத்தத்தை மட்டும். வெப்பத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தனக்குக் கீழேயுள்ள காற்று, மாதிரி சொல்லும் வெப்பத்தில் இருக்கிறது என்றே அது எடுத்துக்கொள்ளும். குளிர்ந்த காற்று சுருங்கி அடர்ந்து நிற்பதால், மேலே போகும்போது அழுத்தம் வேகமாகக் குறையும். உயரமானி அதைப் பார்த்து “நிறைய ஏறிவிட்டோம்” என்று சொல்லும்.

கனடாவின் வடக்கே யெல்லோநைஃப் போன்ற ஊரில் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி சகஜம். அதாவது ஐசா மைனஸ் 44. உயரமானி ஓடுபாதைக்கு மேல் 1,500 அடி என்று காட்டும்போது விமானம் உண்மையில் 1,270 அடி பக்கம்தான் இருக்கும். 10 டிகிரி குளிருக்கு உயரத்தில் 4 சதவீதம் என்பது இதற்கான கைக்கணக்கு. அந்தச் சதவீதத்தை ஓடுபாதைக்கு மேலுள்ள உயரத்துக்குத்தான் போட வேண்டும், கடல் மட்டத்திலிருந்து வரும் முழு எண்ணுக்கு அல்ல. ஓடுபாதையில் முள் சரியாகவே இருக்கும், அங்கிருந்து மேலே போகப் போகத்தான் பிழை வளரும். அதனால் குளிர்நாட்டு பைலட்டுகள் தரையிறங்கும் வரைபடத்தில் அச்சிட்ட குறைந்தபட்ச உயரங்களைக் கூட்டிவைத்துப் பறப்பார்கள், கூட்டியதைக் கட்டுப்பாட்டாளரிடமும் சொல்வார்கள். கட்டுப்பாட்டாளர் நேரடியாகக் கொடுத்த உயரத்தை மட்டும் யாரும் தன்னிஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது. பக்கத்தில் பறப்பவருக்கும் அதே பிழைதான் இருக்கிறது, ஒருவர் மட்டும் திருத்தினால் இருவருக்கும் இடையே உள்ள இடைவெளி கெடும்.

மேலே போனாலும் மாதிரியைச் “சராசரி வானிலை” என்று நினைக்கக் கூடாது, குறிப்பாக நம் பக்கம். அது ஐரோப்பா, அமெரிக்கா போன்ற நடு அட்சரேகைகளின் வானத்தை ஒட்டி உருவானது. 34,000 அடியில் மாதிரி வெப்பம் மைனஸ் 52. வெப்பமண்டலத்தில் அங்கே மைனஸ் 42 இருப்பது சாதாரணம். எனவே சென்னை–சிங்கப்பூர் வழியில் ஐசா பிளஸ் 10 என்று வந்தால் அது வெப்ப அலை இல்லை, வழக்கம்தான். ஆனால் விமானம் எவ்வளவு எடையோடு எந்த உயரம் வரை ஏறலாம் என்பதை அந்தப் பத்து டிகிரி குறைத்துவிடும். இன்னும் மேலே, 16 கிலோமீட்டர் பக்கம், நிலைமை தலைகீழ். மாதிரி மைனஸ் 56.5-இல் நின்றுவிட, நம் வானம் மைனஸ் 80 வரை குளிரும்.

வெயிலில் உயரமானி மறுபக்கம் பிழை செய்யும். 40 டிகிரிச் சென்னையில் அது 1,500 காட்டும்போது விமானம் 1,630 அடியில் இருக்கும். உயரமாக இருப்பதால் மலையில் மோதும் பயமில்லை என்று விட்டுவிட முடியாது. உயரமானியை மட்டும் நம்பி 3 டிகிரிச் சரிவில் இறங்கும் முறையில், உண்மையான சரிவு 3.25 டிகிரி ஆகிவிடும். மைனஸ் 30-இல் அதே சரிவு 2.5 ஆகத் தட்டையாகும். அத்தகைய இறங்கும் வரைபடங்களில் வெப்ப வரம்பு அச்சிட்டிருப்பது இதனால்தான். அதை ஓடுபாதையின் அன்றைய வெப்பத்தோடு ஒப்பிட்ட பிறகே இறங்கத் தொடங்க வேண்டும்.