தாமதத்தைச் சொல்லும் மின்னஞ்சலில் புதிய தேதி முதலில் வரட்டும்

ஒப்படைக்கப்பட்ட வேலை தாமதமாகும் என்று மேலாளருக்கு எழுதும்போது, காரணத்தைப் பின்னுக்குத் தள்ளி, புதிய தேதியைத் தலைப்பு வரியிலேயே எழுதிவிடுங்கள்: "விற்பனை அறிக்கை: 12 வியாழனுக்குப் பதில் 16 திங்கள்". அந்த வேலையை நம்பி அவர் வேறு சிலருக்கு வாக்குக் கொடுத்திருப்பார் என்பதால், மடலைத் திறக்கும் முன்பே அந்த வாக்குகளை மாற்றியமைக்க வழி கிடைக்கிறது; "எப்போது முடியும்?" என்ற மறுகேள்விக்கும் இடமில்லாமல் போகிறது. உள்ளே, "நான்கு கிளைகளின் கணக்கு முடிந்தது, ஐந்தாவது கிளையின் கணக்கு வெள்ளியன்று கைக்கு வரும்" என்று, முடியாமல் நிற்பது எது என்பதைச் சொன்னால் போதும், மன்னிப்பு ஒரு முறைக்கு மேல் வேண்டாம்.

முடியும் நாள் உங்களுக்கே தெரியாதபோது இது பொருந்தாது. ஊகத்தில் ஒரு தேதியைக் கொடுத்து மீண்டும் தள்ளிப்போடுவது முதல் தாமதத்தைவிட மோசமானது என்பதால், அடுத்த தகவலை என்று தருவீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். கெடு இன்றே என்றால், முதலில் தொலைபேசியில் சொல்லிவிடுவதே முறை.