கார்த்திகையில் செருமும் ஆடு: நுரையீரல் புழுவா என்று பார்ப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால், கண்மாய்க் கரையில் பச்சை தழைத்துவிடும். ஆடுகளுக்குக் கொண்டாட்டம். ஒரு மாதம் கழித்து, கார்த்திகைக் கடைசியில், தொழுவத்தில் செருமல் சத்தம் கேட்கும். "பனி ஒத்துக்கல" என்று விட்டுவிடுவோம். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதி நேரத்துக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் நாளைக் கணக்குப் பாருங்கள். வெள்ளாட்டின் மூச்சுக்குழலில் இருக்கும் பெரிய புழு, வெள்ளை நூல் மாதிரி விரல் நீளம் இருக்கும். அதன் குஞ்சுகளை ஆடு செருமி, விழுங்கி, புழுக்கையோடு வெளியே தள்ளும். ஈரமும் மிதமான சூடும் இருந்தால் ஒரு வாரத்தில் அவை புல்லில் ஏறத் தயாராகிவிடும். அந்தப் புல்லைத் தின்ற ஆட்டின் குடலைத் துளைத்து நுரையீரலுக்குப் போய், வளர்ந்து குஞ்சு விட நாலைந்து வாரம் ஆகும். மழை பிடித்ததற்கும் செருமலுக்கும் நடுவில் இந்த இடைவெளி இருந்தால் சந்தேகப்படலாம். சித்திரை வெயிலில் காய்ந்த புல்லில் குஞ்சுகள் தங்காது. அதனால் கோடையில் புதிதாக வரும் செருமலுக்கு வேறு காரணம் தேடுங்கள்.

அடுத்து ஆட்டைக் கவனியுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டினால் தொடர்ந்து செருமும், மேய்ச்சல் குறையாது, ஆனால் மெலியும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாயில் புண், கண்ணில் பீளை, கழிச்சல் என்று சேர்ந்து வந்தால் அது ஆட்டுக்கொல்லியாக இருக்கலாம். அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். கன்றுகளைத் தாக்குவது இதே குடும்பத்து வேறு புழு. முதல் தடவை மேயப் போகும் கன்றுக்குத்தான் அதிக ஆபத்து. கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி மூச்சு வாங்கினால் நோய் முற்றிவிட்டது.

இனி சோதனை. ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, மூடி போட்ட மேல் பாதியைத் தலைகீழாக ஒரு டம்ளரில் நிறுத்துங்கள். தரையில் கிடக்கும் புழுக்கை வேண்டாம், மண்ணில் வாழும் வேறு புழுக்கள் அதில் ஏறியிருக்கும். கையுறை போட்டு ஆசனவாயிலிருந்தே 10, 15 புழுக்கை எடுத்து, லேசாக நசுக்கி, மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, ஒரு குச்சியில் தொங்கவிடுங்கள். பொட்டலம் முழுகும்வரை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். குஞ்சுகளுக்கு மேலே நீந்தத் தெம்பு கிடையாது, கீழே மூடியில் வந்து சேரும். காலையில் மேல் தண்ணீரை மெதுவாக இறுத்துவிட்டு, மூடியில் உள்ளதைக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். கன்றுச் சாணிக்கும் இதே முறைதான். ஒன்று, புழு உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் முதல் சில வாரம் சாணியில் எதுவும் தெரியாது. அதனால் செருமல் நிற்கவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

புழு உறுதியானால் பூச்சி மருந்து. இங்கேதான் நான் தவறினேன். 18 கிலோ ஆட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் ஃபென்பென்டசோல் என்று டாக்டர் எழுதியிருந்தார், மொத்தம் 180. பத்து சதவீத மருந்தென்றால் 1.8 மில்லி போதும். என்னிடம் இருந்தது 2.5 சதவீத பாட்டில், அதில் 7.2 மில்லி வேண்டும். நான் 1.8-ஐயே ஊற்றினேன், கால்வாசி அளவு. செருமல் அப்படியே இருந்தது. அதனால் பாட்டிலில் சதவீதத்தைப் படியுங்கள், ஆட்டைத் தராசில் எடை போடுங்கள். மருந்து ஊற்றும்போது தலையை வானத்தைப் பார்க்கத் தூக்காதீர்கள். ஏற்கெனவே செருமும் ஆடு, மருந்து மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வாயின் ஓரத்தில் சிரிஞ்சை வைத்து, ஆடு விழுங்க விழுங்க ஊற்றுங்கள்.

கடுமையாகப் பாதித்த ஆட்டுக்கு மருந்து கொடுத்ததும் செருமல் கூடலாம், செத்த புழுக்கள் மூச்சுக்குழலை அடைக்கும். மூச்சுத் திணறினால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும். சினை ஆடு, கறவை ஆடு என்றால் எந்த மருந்து, எத்தனை நாள் பாலை ஒதுக்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

மருந்து குடித்த ஆட்டை மறுநாளே அதே கண்மாய்க் கரைக்கு ஓட்டினால் பழைய கதைதான். மழைக்காலத்தில் பனி உலர்ந்து, பத்து மணிக்கு மேல் மேய விடுங்கள். குட்டிகளையும் கன்றுகளையும் பெரியவை மேய்ந்த இடத்துக்குப் பின்னால் அனுப்பாமல், முதலில் அவற்றை மேய விடுங்கள். அகத்தி, வேம்புக் கொத்துகளைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டுங்கள், குஞ்சுகள் புல்லில் ஏறுவதுபோல அவ்வளவு உயரம் ஏறாது. இன்னொரு சிறிய நுரையீரல் புழு நத்தை வழியாகப் பரவும். அதற்கும் ஈரமான கரைப் புல்லைத் தவிர்ப்பதுதான் வழி. மருந்து கொடுத்து இரண்டு வாரம் ஆனதும் அதே பாட்டில் சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். மூடியில் குஞ்சு இருந்தால், முதலில் அளவையும் எடையையும் சரிபார்த்துவிட்டு அப்புறம் மருந்தை மாற்றுவது பற்றிப் பேசலாம்.