கிளைச் சரக்கிருப்பில் ஒளிந்திருக்கும் இலாபம்: கழிக்கும்போது நேரும் தவறுகள்

தலைமை அலுவலகம் தன் கிளைக்குச் சரக்கை அடக்க விலைக்கே அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. உண்மையான அடக்க விலை கிளைக்குத் தெரிய வேண்டாம் என்று நிர்வாகம் நினைக்கலாம். கிளையின் செயல்திறனைச் சந்தை விலைக்கு அருகில் வைத்து அளக்க விரும்பலாம். எப்படியோ, அடக்கத்தின் மேல் ஒரு சதவீதம் கூட்டி, இடாப்பு என்னும் விலைப்பட்டியலை எழுதுவது பரவலான வழக்கம்.

சிக்கல் ஆண்டிறுதியில் தொடங்குகிறது. விற்காமல் கிடக்கும் சரக்கு கிளையின் ஏட்டில் இடாப்பு விலையில்தான் நிற்கும். அந்த விலைக்குள் இருக்கும் இலாபத்தை நிறுவனம் வெளியார் எவரிடமிருந்தும் ஈட்டவில்லை. தன் சட்டையின் ஒரு பையிலிருந்த காசை இன்னொரு பைக்கு மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். நிறுவனத்தின் மொத்தக் கணக்கில் அந்தத் தொகையை நீக்கியாக வேண்டும். கணக்கர்கள் ஸ்டாக் ரிசர்வ் என்று அழைக்கும் சரக்கிருப்புக் காப்பு இதற்காகத்தான் உருவாக்கப்படுகிறது.

வேலை எளிது போலத் தோன்றும். ஆனால் கையில் ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு, கிடைத்த இருப்புத் தொகையை அதனால் பெருக்குவதிலிருந்துதான் பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டைக் கடைசி வரை பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

எதன் மேல் 25 சதவீதம்?

தலைமை அலுவலகம் அடக்கத்தின் மேல் 25 சதவீதம் கூட்டிக் கிளைக்கு இடாப்பு எழுதுகிறது. அடக்கம் 100 என்றால் இடாப்பு 125. ஆண்டிறுதியில் கிளையின் ஏடு சரக்கிருப்பை 80,000 என்று காட்டுகிறது.

80,000-இல் 25 சதவீதம், அதாவது 20,000-ஐக் கழித்துவிடுவது முதல் தவறு. 25 சதவீதம் என்பது அடக்கத்தின் மேல் கூட்டியது. ஏட்டில் இருப்பதோ இடாப்பு விலை. 125-இல் இலாபம் 25. ஆகவே இடாப்பு விலையிலிருந்து பார்த்தால் அது ஐந்தில் ஒரு பங்கு, 20 சதவீதம். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே சொல்லப்படும் இந்த விஷயம் அவசரத்தில் தொடர்ந்து மறக்கப்படுகிறது. இடாப்பு விலையில் 25 சதவீத இலாபம் என்று நிறுவனம் வரையறுத்திருந்தால் அது வேறு கணக்கு. அப்போது அடக்கம் 75, இடாப்பு 100. சதவீதம் எதன் மேல் என்பதை நிறுவனத்தின் விலைக் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

சரி, 80,000-இல் 20 சதவீதம் 16,000. இதுவும் தவறுதான்.

இருப்பில் என்னென்ன கலந்திருக்கிறது?

அந்த 80,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த சரக்கு, இடாப்பு விலையில் 60,000. கிளை வெளியாரிடம் நேரடியாக வாங்கிய சரக்கு 16,000. தலைமை அலுவலகச் சரக்கைக் கொண்டுவரக் கிளை கொடுத்த வண்டிக்கூலியில் இந்த இருப்புக்கு உரிய பங்கு 4,000.

வெளியாரிடம் வாங்கிய சரக்கில் நிறுவனத்தின் உள் இலாபம் ஒரு துளியும் இல்லை. வண்டிக்கூலியும் வெளியே கொடுத்த பணம். சரக்கை விற்பனைக்குரிய இடத்துக்குக் கொண்டுவர ஆன உண்மையான செலவு. இரண்டும் அடக்கத்தின் பகுதிகளே. இலாபம் ஒளிந்திருப்பது 60,000-இல் மட்டும். அதில் 20 சதவீதம் 12,000. ஆக, மொத்தக் கணக்கில் இந்தச் சரக்கின் மதிப்பு 68,000.

12,000 எங்கே, 20,000 எங்கே! ஒரே இருப்பு, ஒரே சதவீதம். அடிப்படை மாறியதால் வந்த வித்தியாசம் 8,000.

ஆண்டின் நடுவில் விகிதம் 25-இலிருந்து 30-க்கு மாறியிருந்தாலும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய விகிதத்தில் வந்து இன்னும் விற்காத சரக்குக்குப் பழைய விகிதமே.

சென்ற ஆண்டின் காப்பு என்ன ஆயிற்று?

12,000 சரியான தொகை. அதை அப்படியே இந்த ஆண்டின் இலாபத்திலிருந்து கழிக்கலாமா? கூடாது. எல்லாவற்றிலும் அதிகம் தவறவிடப்படுவது இந்த இடம்தான் என்பது என் கருத்து.

சென்ற ஆண்டிறுதியில் கிளையில் தலைமை அலுவலகச் சரக்கு இடாப்பு விலையில் 50,000 இருந்தது என்று கொள்வோம். அதற்கு 10,000 காப்பு வைத்தோம். அந்த ஆண்டின் இலாபம் அந்த அளவுக்குக் குறைந்தது. இந்த ஆண்டு அந்தச் சரக்கு விற்றுவிட்டது. அன்று ஈட்டப்படாமல் இருந்த 10,000 இன்று ஈட்டப்பட்டுவிட்டது. ஆகவே பழைய 10,000-ஐ இலாப நட்டக் கணக்கில் வரவு வைத்து, புதிய 12,000-ஐப் பற்று எழுத வேண்டும். இந்த ஆண்டு இலாபத்தைத் தொடுவது இரண்டின் வித்தியாசமான 2,000 மட்டும்.

பழைய காப்பை விடுவிக்க மறந்து, புதியதை மட்டும் எழுதினால் இலாபம் 10,000 குறைந்துபோகும். காப்புக் கணக்கில் 22,000 தேங்கி நிற்கும். 60,000 மதிப்புள்ள உள் சரக்குக்கு 22,000 காப்பு என்றால் ஏறத்தாழ 37 சதவீதம். இருபதைத் தாண்டவே முடியாத விகிதம் அது! காப்பை உள் சரக்கால் வகுத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை அன்றே பிடிபடும்.

ஆண்டு முழுவதும் அனுப்பிய சரக்கில் கூட்டிய இலாபத்தை ஏன் நீக்குவதில்லை என்று சிலர் கேட்பார்கள். தலைமை அலுவலகம் அனுப்பிய சரக்கு என்று வரவு வைத்த தொகையும் கிளை பெற்ற சரக்கு என்று பற்று எழுதிய தொகையும் ஒன்றே; இரு கணக்குகளையும் சேர்க்கும்போது அவை தாமே கழிந்துவிடுகின்றன. மிஞ்சி நிற்பது தொடக்க இருப்பிலும் இறுதி இருப்பிலும் உள்ள இலாபம்தான். இதிலிருந்து இன்னொன்றும் புரியும். இருப்பின் அளவு ஆண்டுதோறும் மாறாமல் இருந்தால், காப்பே வைக்காத நிறுவனத்தின் இலாபமும் ஏறத்தாழச் சரியாகவே வரும். இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் சரக்கு எப்போதும் வீங்கியிருக்கும். பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இந்தத் தவறு தொடர்வதற்குக் காரணம் அதுதான்.

இருப்புநிலைக் குறிப்பில் காப்பைப் பொறுப்புகள் பக்கம் காட்டுவதும் உண்டு. சரக்கிலிருந்து கழித்துக் காட்டுவதே முறை.

கிளையிலிருந்து கிளைக்கு

இப்போது முதல் கிளை, தனக்கு 125-க்கு வந்த சரக்கில் ஒரு பகுதியைத் தன் பங்குக்கு 10 சதவீதம் கூட்டி 137.50-க்கு இரண்டாம் கிளைக்கு அனுப்புகிறது. ஆண்டிறுதியில் இரண்டாம் கிளையில் அப்படி வந்த 200 அலகுகள் மிஞ்சியிருக்கின்றன. ஏட்டு மதிப்பு 27,500.

இங்கே மூன்று விதமாகத் தடுமாறுகிறார்கள். கடைசியாக அனுப்பியவரின் இலாபத்தை மட்டும் நீக்கி 2,500-உடன் நின்றுவிடுகிறார்கள் சிலர். வேறு சிலர் 25-ஐயும் 10-ஐயும் கூட்டி, அடக்கத்தின் மேல் 35 சதவீதம் என்று வைத்துக்கொண்டு ஏறத்தாழ 7,130 கழிக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்களே விழும் பள்ளம் மூன்றாவது: முதல் கட்டத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு, இரண்டாம் கட்டத்துக்குப் பதினொன்றில் ஒரு பங்கு என்று சரியாகக் கண்டுபிடித்து, இரண்டையுமே 27,500-இன் மேல் போட்டுவிடுவது. 5,500-உம் 2,500-உம் சேர்ந்து 8,000 ஆகிவிடும்.

மேலிருந்து ஒவ்வோர் அடுக்காக உரிக்க வேண்டும். 27,500-இல் பதினொன்றில் ஒரு பங்கு 2,500, மிச்சம் 25,000. இந்த 25,000-இல் ஐந்தில் ஒரு பங்கு 5,000, மிச்சம் 20,000. நீக்க வேண்டியது மொத்தம் 7,500. சரிதானா என்று பார்க்க ஒரு நொடி போதும்: 200 அலகுகள், அலகுக்கு மூல அடக்கம் 100, ஆகவே 20,000.

உண்மையில் இந்தச் சரிபார்ப்பே முதல் வழியாக இருக்க வேண்டும் என்பேன். அலகுகளை எண்ணி, மூல அடக்கத்தால் பெருக்கி, உரிய வண்டிக்கூலியைச் சேர்த்தால் சரக்கின் மதிப்பு கிடைத்துவிடும். ஏட்டு மதிப்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் காப்பு. சதவீதத்தை அந்த விடையைச் சோதிக்க வைத்துக்கொள்ளலாம்.

சந்தை விலை விழும்போது

சரக்கை அடக்கம், நிகர ஈட்டத்தக்க மதிப்பு ஆகிய இரண்டில் குறைந்ததில் மதிப்பிட வேண்டும் என்பது பன்னாட்டுக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2 சொல்லும் விதி. விற்பனைச் செலவு போக அந்தச் சரக்கை விற்றுக் கையில் வரக்கூடிய தொகையே நிகர ஈட்டத்தக்க மதிப்பு. கிளைச் சரக்கில் எந்த அடக்கத்தோடு ஒப்பிடுவது என்பதில்தான் குழப்பம்.

125-க்கு வந்த பொருளுக்கு இப்போது 115 தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளை தன் ஏட்டில் 10 குறைத்து 115 ஆக்கிவிடுகிறது. பிறகு தலைமை அலுவலகம் வழக்கம்போல் 20 சதவீதம், அதாவது 23 கழிக்கிறது. சரக்கு 92-க்கு இறங்கிவிட்டது. நிறுவனத்தின் உண்மையான அடக்கமோ 100. விற்றால் 115 கிடைக்கும். நட்டமே இல்லாத இடத்தில் 8 நட்டம்!

ஒப்பீட்டை மூல அடக்கத்தோடு செய்ய வேண்டும். 115 என்பது 100-ஐவிட அதிகம். சரக்கு 100-இல் நிற்கட்டும். கிளை குறைத்த 10-ஐயும் கணக்கில் கொண்டு, தலைமை அலுவலகம் நீக்க வேண்டியது இன்னும் 15 மட்டும். மதிப்பு 90-க்கு விழுந்திருந்தால், 125-லிருந்து 25 ஈட்டப்படாத இலாபமாக நீங்கும். எஞ்சிய 10 உண்மையான நட்டம். இவ்விரண்டும் வெவ்வேறு இயல்புடையவை. ஒன்றாகச் சேர்த்து எழுதினால், சந்தையால் இழந்தது எவ்வளவு என்பது நிர்வாகத்துக்குத் தெரியாமலே போய்விடும்.

வழியில் இருக்கும் சரக்கு

ஆண்டின் கடைசி நாளில் இடாப்பு விலையில் 20,000 மதிப்புள்ள சரக்கு வண்டியில் இருக்கிறது. தலைமை அலுவலகத்தின் ஏட்டில் அது அனுப்பியாயிற்று. கிளையின் எண்ணிக்கையில் இன்னும் ஏறவில்லை. கிளைக் கணக்கைச் சரிக்கட்ட அதை 20,000 என்றே சேர்க்கிறார்கள், அதுவரை சரி. ஆனால் காப்பைக் கிளை அனுப்பிய எண்ணிக்கைப் பட்டியலிலிருந்து மட்டும் கணக்கிட்டால், இந்தச் சரக்கிலுள்ள 4,000 அப்படியே இலாபமாகத் தங்கிவிடும். சரக்கு 16,000-க்குத்தான் வர வேண்டும்.

கிளையில் குறைந்துபோன சரக்குக்கும் இதே தர்க்கம்: 125 என்று எழுதப்பட்ட பொருள் காணாமல் போனால், மொத்தக் கணக்கில் நிறுவனத்தின் இழப்பு 100.

இத்தனையையும் செய்ய மூல அடக்கம் கைவசம் இருக்க வேண்டும். பெறும் கிளையின் சராசரி விலையை உள் இடாப்பு விலையைக் கொண்டே மாற்றி எழுதும்படி மென்பொருளை அமைத்திருந்தால், இரண்டு மூன்று மாற்றங்களுக்குப் பிறகு மூல அடக்கம் எங்கும் கிடைக்காது. வெளிக் கொள்முதலும் உள் மாற்றமும் ஒரே சராசரிக்குள் கரைந்திருக்கும். மாற்றச் சீட்டிலேயே இடாப்பு விலைக்குப் பக்கத்தில் மூல அடக்கத்துக்கு ஒரு தனிக் கட்டம் வைத்து, சரக்கு அடுத்த கிளைக்குப் போகும்போது அந்த எண்ணும் மாறாமல் கூடவே போகும்படி செய்துகொள்ள வேண்டும். கிளை மேலாளருக்கு அது தெரியக் கூடாது என்றால், அந்தக் கட்டத்தைப் பார்க்கும் அனுமதியைத் தலைமை அலுவலகத்துக்கு மட்டும் கொடுக்கலாம்.