வீட்டில் பி.பி. பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஒரு கணவனையும் மனைவியையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். ரத்த அழுத்தத்திற்கு இதுவரை மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளாதவர்கள். மருத்துவரிடம் இருமுறை போனபோதும் மனைவிக்கு 152/94 அளவில் இருந்தது, கணவருக்கு 130/84. மனைவி பயந்துவிட்டார், கணவர் நிம்மதியாகிவிட்டார். வீட்டில் பார்த்தபோது நிலைமை தலைகீழ்.

மருத்துவமனையில் மட்டும் ஏறி, வீட்டில் இயல்பாக இருப்பது வெள்ளை அங்கி ரத்த அழுத்தம். மருத்துவரின் முன் இயல்பாக இருந்து, வெளியே ஏறுவது மறைந்த ரத்த அழுத்தம். இரண்டில் ஆபத்தானது இரண்டாவதுதான். மருத்துவமனையில் எடுத்த அளவு சரியாக இருப்பதால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை; இதயமும் சிறுநீரகமும் மட்டும் அந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

பலரும் செய்யும் முதல் தவறு, வீட்டு அளவையும் 140/90 என்ற எல்லையோடு ஒப்பிடுவது. அது மருத்துவமனைக்கான எல்லை. வீட்டில் எடுக்கும் அளவுகளின் சராசரி 135/85-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம்தான். மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தொட்டாலும் போதும்.

அடுத்தது, தோன்றியபோது பார்ப்பது. தலைவலி வந்தால் ஒரு முறை, சண்டை போட்ட பிறகு ஒரு முறை என்று எடுத்த அளவுகளை வைத்து எதையும் சொல்ல முடியாது. முறை எளிது: தொடர்ந்து 7 நாட்கள், காலையும் மாலையும், ஒவ்வொரு வேளையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கும் சாப்பாட்டிற்கும் முன்பு. முதலில் 5 நிமிடம் பேசாமல், முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் பதிய உட்கார வேண்டும். கைப்பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். கையைத் தொங்கவிட்டால் எண் கூடும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினாலும் கூடும். இப்படிக் கூடிய எண்ணை நம்பி மாத்திரைக்குப் போனவர்கள் உண்டு. முதல் நாள் அளவுகளை விட்டுவிட்டு மீதி 24 அளவுகளுக்குச் சராசரி காண வேண்டும். மெஷின் புதிது என்ற பதற்றம் முதல் நாளில் கலந்திருக்கும்.

அந்த மனைவிக்கு முதல் நாள் காலை 146/90 வந்தது. மூன்றாம் நாள் ஒருமுறை 141/86. மற்றவை இறங்கியே இருந்தன, சராசரி 127/80. அந்த 141-ஐப் பிடித்துக்கொண்டு கவலைப்படத் தேவையில்லை, அதுவும் சராசரிக்குள் போய்விட்டது. அவருக்கு இருந்தது வெள்ளை அங்கி வகை. பொதுவாக உடனே மாத்திரை தேவைப்படாது. ஆனால் இவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் உண்மையான உயர் ரத்த அழுத்தம் வருவதால், ஆண்டுக்கு ஒரு முறையாவது இதே ஒரு வாரக் கணக்கை எடுத்துப் பார்க்க வேண்டும்.

கணவருக்குக் காலையில் சராசரியாக 144/92, மாலையில் 130/82. மொத்தச் சராசரி 137/87. மாலையில் மட்டும் பார்த்திருந்தால் நன்றாக இருக்கிறது என்றே முடிவுகட்டியிருப்பார். 140/90-ஐ எல்லையாக வைத்திருந்தாலும் அதே முடிவுதான். அவர் இந்தக் கணக்கோடு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்.

எண்ணை அழகுபடுத்துவதும் நடக்கிறது. அதிகமாக வந்தால் மூன்றாவது, நான்காவது முறை பார்த்து, குறைந்ததை மட்டும் நோட்டில் எழுதுகிறார்கள். யாருக்காக என்றுதான் தெரியவில்லை. அளவுகளைத் தானே பதிவுசெய்யும் மெஷினை வாங்கி, மருத்துவரிடம் அதையே காட்டுவது நல்லது.

ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் செய்யும் தவறு வேறு. வீட்டில் 125/78 வந்ததும், “எனக்கு வந்தது வெறும் பயத்தால் ஏறிய பிரஷர்தான்” என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த 125 மாத்திரை தந்த எண்ணாக இருக்கலாம். காலை மாத்திரை போட்டுக்கொண்டு 11 மணிக்கு மருத்துவரைப் பார்ப்பவருக்கு அங்கே எண் அழகாக இருக்கும். மறுநாள் விடியற்காலையில் மருந்தின் வேகம் குறையும்போது ஏறலாம். அதனால்தான் காலை அளவை மாத்திரைக்கு முன்பு எடுக்கச் சொல்கிறார்கள்.

வீட்டு மெஷினாலும் பிடிக்க முடியாதவை உண்டு. தூக்கத்தில் மட்டும் ஏறும் அழுத்தம் ஒன்று. வேலை நேரத்தில் புகைத்துக்கொண்டே இருப்பவரின் அழுத்தம் இன்னொன்று. அமைதியாக உட்கார்ந்து எடுக்கும் அளவில் அது தெரியாமல் போகலாம். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, குறட்டையோடு மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு வீட்டு அளவு எல்லைக்குச் சற்றே கீழே நின்றாலும், 24 மணி நேரமும் கையில் கட்டி அளக்கும் கருவியால் ஒருமுறை பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு வீட்டு மெஷின் காட்டும் எண் தடுமாறும். அவர்கள் தங்கள் மெஷினை மருத்துவரிடமே கொண்டுபோய் அங்குள்ள அளவோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.