புள்ளி, டை, ரெஸ்ட்: ஒரு பாரை எண்ணுவது எப்படி?

கீபோர்டு பழகுபவர்கள் க்ராட்செட்டும் மினிமும் மட்டும் வரும்வரை சிரமமில்லாமல் வாசிப்பார்கள். நோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வந்ததும் எண்ணிக்கை குழம்பிவிடும். பீட்டை மட்டும் எண்ணுவதுதான் காரணம். இங்கே அரை பீட்டை எண்ண வேண்டும்.

4/4 பாரில் நான்கு பீட், அதாவது எட்டு அரை பீட். பேச்சுத் தமிழில் எண்ணினால் இது தானாகவே கிடைக்கும்: ஒண்-ணு, ரெண்-டு, மூ-ணு, நா-லு. ஒவ்வொரு அசையும் ஒரு குவேவர். மெட்ரோனோமை 120-இல் வைத்து, ஒரு டிக்குக்கு ஓர் அசை சொல்லுங்கள். பீட் கணக்கில் அது 60 வேகம். ஆரம்பத்துக்கு அதுவே போதும்.

பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் (1824) வரும் ‘ஓட் டு ஜாய்’ மெட்டை எடுத்துக்கொள்வோம். மூலம் டி மேஜரில் உள்ளது. கறுப்புக் கட்டை வராமலிருக்க இங்கே சி மேஜரில் பார்க்கலாம். நான்காவது பாரில் மூன்றே நோட்: புள்ளி வைத்த க்ராட்செட் ஈ, குவேவர் டி, மினிம் டி.

புள்ளி என்பது அந்த நோட்டின் மதிப்பில் பாதியைக் கூட்டும். எப்போதும் அரை பீட்டைக் கூட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. க்ராட்செட்டுக்கு 1 + ½ = 1½; மினிமுக்கு 2 + 1 = 3. ஆகவே நம் பாரில் 1½ + ½ + 2 = 4, கணக்கு சரி. முதலில் பென்சிலால் எட்டு அசைகளையும் நோட்டுகளுக்குக் கீழே எழுதுங்கள். ஈ-க்கு ‘ஒண்-ணு-ரெண்’, குவேவர் டி-க்கு ‘டு’, மினிமுக்கு ‘மூ-ணு-நா-லு’. வாசிக்கும் முன் எட்டையும் வாயால் சொல்லி, ‘ஒண்’, ‘டு’, ‘மூ’ மூன்றில் மட்டும் கை தட்டுங்கள். தட்டல் தவறாமல் வந்த பிறகு கட்டையில் கை வைத்தால் போதும்.

பெரும்பாலும் தவறுவது ‘ரெண்’ இடத்தில்தான். அங்கே புதிதாக எதுவும் ஒலிக்காததால் விரல் அவசரப்பட்டு டி-யை அப்போதே அடித்துவிடும். பார் மூன்றரை பீட்டில் முடிந்து, அடுத்த பாரில் மெட்ரோனோமோடு அரை பீட் முந்திக்கொண்டு நிற்பீர்கள். அப்படி நடந்தால் ‘ரெண்’ என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பாருங்கள்.

அதே பாரை வேறு இரண்டு விதமாகவும் எழுதலாம். புள்ளியை எடுத்துவிட்டு, க்ராட்செட் ஈ-யையும் குவேவர் ஈ-யையும் ஒரு வளைகோட்டால் இணைத்தால் அது டை. ஒலியில் வித்தியாசமே இல்லை: இரண்டாவது ஈ-யை மறுபடி அடிக்காமல் பிடித்திருக்க வேண்டும். டை எப்போதும் ஒரே சுரத்தின் இரு நோட்டுகளைத்தான் சேர்க்கும். வளைகோட்டின் இரு முனையிலும் வெவ்வேறு சுரங்கள் இருந்தால் அது ஸ்லர்; இரண்டையும் அடித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது விதம் ரெஸ்ட். க்ராட்செட் ஈ, 7 போலத் தெரியும் குவேவர் ரெஸ்ட், பிறகு குவேவர் டி. டி விழும் இடம் அதே ‘டு’தான், ஆனால் ‘ரெண்’ சொல்லும் அதே நொடியில் ஈ-யிலிருந்து விரல் எழ வேண்டும். ரெஸ்ட்டிலும் எண்ணிக்கை நிற்காது. சஸ்டெய்ன் பெடலில் கால் இருந்தால் விரலை எடுத்தும் ஒலி நிற்காது. ரெஸ்ட் பழகும்போது காலை எடுத்துவிடுங்கள்.

புள்ளியே போதுமென்றால் டை எதற்கு? பார் கோட்டைத் தாண்டி ஒலி நீள வேண்டுமானால் புள்ளியால் முடியாது. இதே மெட்டின் 12-ஆம் பார் நல்ல உதாரணம்: சி, டி, கீழ் ஜி, ஈ என நான்கு க்ராட்செட். கடைசி ஈ, 13-ஆம் பாரின் முதல் ஈ-யோடு டையில் சேர்ந்திருக்கும். அதாவது கடைசி வரி ஒரு பீட் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. ‘நா-லு’வில் ஈ-யை அடித்து, அடுத்த ‘ஒண்-ணு’ முழுவதும் பிடித்திருந்து, ‘ரெண்’ வரும்போது மறுபடி ஈ. பிறகு ‘மூ’வில் எஃப், ‘நா’வில் ஜி.

பார் கோட்டைக் கண்டதும் பழக்கத்தில் ‘ஒண்’ணிலும் ஒரு தட்டு விழும். விழுந்தால் பீட் தவறாது, ஆனால் அந்த முந்துதல் காணாமல் போய்விடும். ஆரம்ப நிலைப் புத்தகங்கள் பல, இந்த டையை நீக்கி ஜி-யை மினிமாக்கி எளிமைப்படுத்திவிடுகின்றன. உங்கள் புத்தகத்தில் 12-ஆம் பார் ஜி-யில் முடிந்தால், டையை நீங்களே பென்சிலால் வரைந்து பழகுங்கள். பயிற்சிக்கு மூல வடிவமே மேல்.

நோட்டை எங்கே விடுவது என்பதையும் கவனியுங்கள். நான்காவது பாரின் மினிம் ‘நாலு’ என்று தொடங்கியதும் முடிவதில்லை. ‘லு’ முடிந்து அடுத்த ‘ஒண்’ வரும்வரை அது ஒலிக்க வேண்டும். அதை க்ராட்செட்டாக்கிப் பின்னால் க்ராட்செட் ரெஸ்ட் வைத்திருந்தால்தான் ‘நா’வில் விரல் எழும்.

இன்னொன்று: நோட்டுக்கு வலப்பக்கம் உள்ள புள்ளிதான் நீளத்தைக் கூட்டும். தலைக்கு மேலோ கீழோ இருந்தால் அது ஸ்டக்காட்டோ, நறுக்கென்று வாசிக்கச் சொல்வது. பாரின் எண்ணிக்கை அதனால் மாறாது.